ஒரு பரிந்துரைக் கடிதமும் நான் விட்ட வாக்கியமும்

சென்ற மார்கழியில் பிரான்சிலிருந்து என் பள்ளி நண்பன் தொலைபேசியில் பேசினான். பேச்சோடு பேச்சாக, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டேன். 1970-இல் அவனுக்கு உபகாரச் சம்பளம் வாங்கித் தந்த பரிந்துரைக் கடிதம் பற்றிய செய்தி அது. எங்கள் காலத்துப் புதுச்சேரியில் 'பூர்ஸ்' என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அதோடு சேர்ந்து, ஆப்பிரிக்காவில் நடந்த இன்னொரு பழைய கதையும் வரும்.

நண்பன் வில்லியனூர்ப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1962-இல் எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் வந்து சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினொன்று. 'போன்ழூர்' தவிர ஒரு பிரெஞ்சுச் சொல் தெரியாது. எங்களில் பலருடைய வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ சொல்தாவாக இருந்தவர்கள், கொஞ்சமாவது காதில் விழுந்திருக்கும். அவன் வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான்.

எங்களுக்குப் பிரெஞ்சு இலக்கியமும் இலத்தீனும் சொல்லிக்கொடுத்தவரை 'மெஸ்யே' என்றே குறிப்பிடுகிறேன். அவரும் தமிழர்தான். வகுப்பில் பிரெஞ்சைத் தவிர வேறு பேச மாட்டார், வாசலைத் தாண்டினால் நல்ல புதுச்சேரித் தமிழ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'திக்தே' என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாம் எழுத வேண்டும். பழைய கணக்குப்படி ஐந்து பிழை வந்துவிட்டால் மதிப்பெண் சுழியம், அதற்கு மேல் எத்தனை பிழை என்று யாரும் எண்ண மாட்டார்கள். மெஸ்யே மட்டும் எண்ணுவார். சுழியம் வாங்கியவனுக்கும் எத்தனை பிழை என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று நாங்கள் சிரித்ததுண்டு.

1970 தொடக்கத்தில், பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, நண்பன் பிரான்சில் இலக்கியம் படிக்க பூர்ஸுக்கு விண்ணப்பித்தான். பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல், மருத்துவச் சான்று, தன் கைப்பட எழுதிய விண்ணப்பம், இவற்றோடு ஆசிரியர் கடிதம் ஒன்று. இந்தக் கடிதத்தை மாணவன் பார்க்கக் கூடாது. உறையில் இட்டு ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். மூன்று படிகள் தேவைப்பட்டன. மெஸ்யேயின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை வீட்டுக்கு வரச்சொல்லி, தான் எழுதிய நகலைப் பார்த்து மூன்று படி எடுக்கச் சொன்னார். "இதுல உள்ளத வெளியில பேசக்கூடாது தம்பி, அவன்கிட்டயும்தான்" என்றார். "சரிங்க மெஸ்யே" என்று உட்கார்ந்தேன்.

நான் எதிர்பார்த்தது புகழ்மாலை. கடிதமோ கணக்குப்பிள்ளையின் பேரேடு போல் இருந்தது. நினைவில் உள்ளபடி அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

இந்த மாணவர் 1962-இல் பிரெஞ்சு அறியாமல் வந்தார். முதல் ஆண்டில் பதினைந்து வரித் திக்தேயில் 41 பிழைகள். அவற்றில் பாதிக்கு மேல் சொற்களின் பால் பற்றியவை. அவருடைய தாய்மொழியில் பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது என்பதால் இது எதிர்பார்த்ததே. நான்காம் ஆண்டில் அதே அளவு திக்தேயில் 9 பிழைகள், பால் பிழை இரண்டே. இந்த ஆண்டில் ஒன்று அல்லது இரண்டு. எஞ்சியிருப்பது, இறந்தகால வினை தனக்கு முன்னால் வரும் செயப்படுபொருளுக்கு ஏற்ப மாறும் இடம் மட்டுமே. அந்தப் பிழையைப் பிரெஞ்சுக்காரர்களும் செய்கிறார்கள். மூன்றாம் ஆண்டு வரை புத்தக வாக்கியங்களை மனப்பாடம் செய்து கட்டுரையில் ஒட்டினார். ஐந்தாம் ஆண்டிலிருந்து அது நின்றது. கட்டுரை குட்டையாயிற்று, ஆனால் வாக்கியங்கள் அவருடையவை. முன்பின் பார்த்திராத இலத்தீன் பகுதியை இப்போது தெளிவான பிரெஞ்சில் பெயர்க்கிறார்.

இதுவரை எனக்கு மகிழ்ச்சிதான். அடுத்து வந்தது இது: வாய்மொழியில் இவர் எழுத்தைவிட மிகவும் பின்தங்கியிருக்கிறார். முதலில் தமிழில் வாக்கியத்தை அமைத்துப் பிறகு மொழிபெயர்ப்பதால் பதில் தாமதமாக வருகிறது. வேகமாகக் கேட்டால் வாயடைத்துவிடுகிறார். முதல் சில மாதங்கள் விரிவுரைகளைப் பின்தொடர இவருக்கு உதவி தேவைப்படும்.

பேனா நின்றுவிட்டது. பூர்ஸுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. இதைப் படித்துவிட்டா அவனைக் கூப்பிடுவார்கள்? தறிக்காரர் வீட்டில் இந்த பூர்ஸை நம்பி இருந்தார்கள். நான் துணிந்து அந்தப் பகுதியை விட்டுவிட்டு, கடைசி வணக்க வரியை எழுதி, மூன்று படிகளையும் முடித்துக் கொடுத்தேன்.

மெஸ்யே படித்துப் பார்க்கவில்லை. காகிதத்தைத் தூர நீட்டிப் பிடித்தார். "இது இவ்வளவு மேலே முடியாதே" என்றார். தன் நகலை விரலால் அளந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. புதுத் தாள் மூன்று எடுத்து என் முன் வைத்துவிட்டு, தமிழில் சொன்னார். "நீ அவனுக்கு நல்லது பண்றதா நினைச்சே. எல்லாம் நல்லதாவே எழுதினா, அத படிக்கிறவன் என்ன நினைப்பான் தெரியுமா? வாத்தியாருக்கு இந்தப் பையனத் தெரியாதுன்னு நினைப்பான். இல்லன்னா தெரிஞ்சே மறைக்கிறாருன்னு நினைப்பான். அப்புறம் நான் நாப்பத்தொண்ணு, ஒம்பது, ஒண்ணுன்னு எழுதினதயும் நம்ப மாட்டான். நாளைக்கு நேர்முகத்துல அவன் வாயடைச்சு நிக்கும்போது, கடிதமே பொய்யின்னு முடிவு கட்டிடுவான்."

பிறகுதான் அந்த ஆப்பிரிக்கக் கதையைச் சொன்னார். "இப்ப பிரான்சுக்குப் பிரசிதான் பொம்பிதூ. செனெகலுக்குப் பிரசிதான் செங்கோர். ரெண்டு பேரும் பாரீசுல ஒரே வகுப்புல படிச்சவங்க. செங்கோர் அந்த வகுப்புக்கு எப்படிப் போனாரு? அவரோட வாத்தியார் அதிகாரிங்ககிட்ட அவருக்காகப் பேசினதால போனாரு. எழுது."

எழுதினேன். அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். செங்கோர் கதையைப் பின்னாளில் நானே தேடிப் படித்தேன். நம் ஊர்க்காரர்கள் அறிய வேண்டிய கதை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

லெயோபோல் செடார் செங்கோர் 1906-இல் செனெகலின் கடற்கரை ஊரான ஜோவாலில் பிறந்தவர். தந்தை வேர்க்கடலை வணிகர். வீட்டு மொழி செரேர். ஏழு வயதில் பாதிரிமார்களிடம் படிக்க அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ங்காசோபில் என்னும் ஊரில் இருந்த மிஷன் விடுதிப் பள்ளி. வோலோஃப் மொழியையும் பிரெஞ்சையும் கற்றது அந்த மிஷன் பள்ளிகளில்தான். அதாவது பிரெஞ்சு அவருக்குத் தாய்மொழியும் அன்று, தெருமொழியும் அன்று. பள்ளிக்கூட மொழி. நம்மில் பலருக்கும் அப்படித்தானே.

பாதிரியாராக வேண்டும் என்ற ஆசையோடு 1923-இல் டாக்கர் நகரில் குருமடப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தலைமைப் பாதிரியார் ஆப்பிரிக்கர்களுக்கு நாகரிகம் இல்லை என்ற வகையில் பேசியதை எதிர்த்துப் பேசினார். குருத்துவம் உனக்கு ஏற்றதல்ல என்று 1926-இல் சொல்லிவிட்டார்கள். அரசு உயர்நிலைப் பள்ளிக்கு மாறினார். 1928-இல் பக்கலோரெயாவில் தேறினார். கிரேக்கம், இலத்தீன் உட்படப் பரிசுகளை அள்ளிக்கொண்ட மாணவர் அவர்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் தேவைப்பட்டார். அந்தக் காலத்தில் காலனி நிர்வாகம் ஆப்பிரிக்க மாணவர்களை பிரான்சுக்கு அனுப்பினால், கால்நடை மருத்துவம் போன்ற கையில் தொழில் தரும் படிப்புக்குத்தான் அனுப்பும். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற பிராகோ ஜோப் கூடக் கால்நடை மருத்துவர்தான். காலனிக்கு மாட்டு வைத்தியர் வேண்டும், இலத்தீன் படித்த ஆப்பிரிக்கர் எதற்கு என்பது அதிகாரிகள் கணக்கு. செங்கோருக்குச் செவ்வியல் மொழிகளில் ஆசிரியராக இருந்த அரிஸ்தீத் ப்ரா என்பவர் நிர்வாகத்திடம் பரிந்து பேசி, இலக்கியம் படிப்பதற்காக ஒரு பூர்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதுவும் முழு பூர்ஸ் அல்ல, பாதிதான்.

ப்ரா தாண்ட வேண்டியிருந்த சந்தேகம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மிஷன் பள்ளியில் படித்த பையன் பிரெஞ்சை ஒப்பிக்கிறானா, கையாள்கிறானா என்பதே அது. இதற்கு 'நல்ல மாணவன், கடும் உழைப்பாளி' என்ற சொற்கள் பதில் ஆகாது. பிரெஞ்சுப் பள்ளி முறையில் இதற்குச் சரியான பதில் தரும் பாடம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'வெர்சியோன்'. முன்பு பார்த்திராத ஓர் இலத்தீன் அல்லது கிரேக்கப் பத்தியைக் கொடுத்துப் பிரெஞ்சில் பெயர்க்கச் சொல்வது. பார்வைக்கு இலத்தீன் தேர்வு, உள்ளுக்குள் அது பிரெஞ்சுத் தேர்வு. சிசரோவின் நீண்ட வாக்கியத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை, அதைப் பிரெஞ்சு வாக்கியமாக நிறுத்துவது மறு பாதி. மனப்பாடம் செய்து வர முடியாது, ஏனென்றால் எந்தப் பத்தி வரும் என்று தெரியாது. அதில் முதலாவதாக வரும் மாணவனுக்கு மொழி வசப்பட்டுவிட்டது என்று எந்த அதிகாரியிடமும் சொல்லலாம். மெஸ்யே தம் கடிதத்தில் 'முன்பின் பார்த்திராத' என்ற சொல்லை ஏன் போட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பரிந்துரையால் ஆகக்கூடியதும் ஆகாததும் செங்கோர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகின்றன. 1928-இல் பாரீஸ் போய், லூயி-லெ-கிராண் பள்ளியின் உயர் வகுப்பில் சேர்ந்தார். பொம்பிதூ நண்பரானது அங்கேதான். ஆனால் அந்த வகுப்பு எதற்குத் தயார் செய்ததோ, அந்த எக்கோல் நோர்மால் சுப்பேரியர் நுழைவுத் தேர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு ஆசிரியர்களுக்கான மிக உயர்ந்த போட்டித் தேர்வாகிய அக்ரெகாசியோன் எழுத வேண்டும் என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும். டாக்கர், செயின்-லூயி, கோரே, ருஃபிஸ்க் ஆகிய நான்கு ஊர்களில் பிறந்தவர்களுக்கு அது உண்டு. ஜோவாலில் பிறந்தவர் வெறும் குடிமக்கள் அல்லாத பிரஜை. நம் ஊரில் 1881 ஆணைப்படி ரெனோன்சான் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் இருந்த வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. அவர் குடியுரிமைக்கு மனுப் போட்டுப் பெற்று, அதன் பிறகே தேர்வு எழுத முடிந்தது. 1935-இல் இலக்கணப் பிரிவில் தேறினார். அத்தேர்வில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் அவரே. உடனே தூர் நகரத்துப் பள்ளியில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே மொழி கற்பிக்கப் போனார். 1960-இல் செனெகலின் முதல் குடியரசுத் தலைவர். 1983-இல் பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர்.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. தன் மக்களின் மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். 1974-இல் சென்னைக்கு வந்து, கறுப்பினப் பண்பாடும் திராவிடப் பண்பாடும் பற்றி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் உரையாற்றினார். அவருடைய ஆர்வத்தால்தான் டாக்கர் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே பணியாற்றிவந்த முனைவர் க.ப. அறவாணனைப் புதுச்சேரியில் பலரும் அறிவோம்.

நான் அரசுப் பணியில் சேர்ந்த பிறகு, சில ஆண்டுகள் உதவித்தொகைக் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. முடிவு செய்வது என் வேலை அல்ல, காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வரிசைப்படுத்துவதுதான். அந்த வகையில் நூற்றுக்கணக்கான பரிந்துரைகளைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 'நன்னடத்தை உள்ளவர், ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி, கண்ணியமான குடும்பம், இவருக்கு உதவினால் பெரிதும் பயன்படும்.' ஒருமுறை ஒரே ஆசிரியரிடமிருந்து மூன்று மாணவர்களுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. பெயர் தவிர ஒரு சொல் மாறவில்லை. மூன்றாவதில் பையனை 'இந்த மாணவி' என்று எழுதியிருந்தது, முந்தியதைப் பார்த்து எழுதியதில் திருத்த மறந்துவிட்டார்கள். அந்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் உண்மையிலேயே சிறந்தவராக இருந்திருக்கலாம். அதை அறிய அதிகாரிக்கு வழியே இல்லை. அவர் அவற்றைக் கடைசியாகப் படித்தது தேதி சரியா என்று பார்க்கத்தான்.

மெஸ்யேயின் கடிதத்தில் இருந்தது என்ன என்று அப்போது நான் எண்ணிப் பார்ப்பேன். மூன்று விஷயங்கள்தான். பையன் எங்கே தொடங்கினான், இப்போது எங்கே நிற்கிறான், இன்னும் எது வரவில்லை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதற்கு மதிப்பில்லை. ஒரு பிழையோடு திக்தே எழுதும் பையன்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள். 41-லிருந்து அங்கே வந்தவன் அவன் ஒருவன்தான். அந்த 41-ஐக் குறித்து வைக்க, எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நோட்டுப் போட்டிருக்க வேண்டும். கடிதம் எழுதும் நாளில் அதைத் தேடினால் கிடைக்காது. நாங்கள் சிரித்த அந்த வேண்டாத வேலைக்கு அர்த்தம் அதுதான். மூன்றாவது விஷயத்துக்கான பதில்தான் நேர்முகத் தேர்வில் கிடைத்தது.

அந்தத் தேர்வு முடிந்து வந்த நண்பன் கடற்கரையில் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நல்ல மனுஷங்கடா. ரொம்ப மெதுவா பேசினாங்க. முதல்ல ஒரு பக்கத்தக் கையில கொடுத்து, அஞ்சு நிமிஷம் படிச்சுக்கோன்னு விட்டுட்டாங்க. அப்புறம் அதப் பத்தியே கேட்டாங்க. என்னால பேச முடிஞ்சுது." நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை, மெஸ்யேக்குக் கொடுத்த வாக்கு அது. அவனுக்கு பூர்ஸ் கிடைத்தது. பல்கலைக்கழகம் திறக்கும் முன்பே, வெளிநாட்டு மாணவர்களுக்கான பேச்சுப் பயிற்சி வகுப்பில் அவனைச் சேர்த்தார்கள். எல்லா பூர்ஸுக்காரர்களையும் அப்படிச் சேர்ப்பார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மெஸ்யே காலமாகி வெகுநாள் ஆகிறது. நண்பன் அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். சென்ற மார்கழியில் நான் எல்லாவற்றையும் சொன்னபோது, மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டான்.

"அப்ப, எனக்காகத்தான் மெதுவா பேசினாங்களா?"

"ஆமாம்டா."

"நீ அத எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன். அவர் திரும்ப எழுத வச்சுட்டார்."

"நல்லவேளை" என்றான். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். தானும் முப்பது ஆண்டுகளாகத் தன் மாணவர்களுக்கு அப்படித்தான் கடிதம் எழுதியதாகவும், யார் சொல்லிக்கொடுத்தது என்று தனக்கே தெரியாது என்றும் சொன்னான்.